14ஆம் கட்டில்: வாட்டு நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள், இரவு

மாலையிலிருந்தே விடாத மழை. எட்டு மணிக்கு ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்: ஒரு தாய், அவள் மாமியார், சேலைத் துணியில் சுற்றிய 38 நாள் ஆண் குழந்தை. தலைப்பிள்ளை. எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர்கள். பேர் எழுதப் போவதில்லை. 14ஆம் கட்டில் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"குடிச்ச பாலெல்லாம் கக்குறான் மிஸ்" என்றாள் தாய். எத்தனை நாளாக என்றேன். மூன்றாம் வாரத்திலிருந்தாம். அவளே ஒரு இடத்தில் காட்டியிருக்கிறாள். பால் கூடிப்போனது, குறைத்துக் கொடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிறகு பால்மா மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். மாமியார் "உரம் விழுந்திருக்கு" என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்திருக்கிறார். வசம்பும் சுட்டுக் கொடுத்தாயிற்று.

கிளினிக் புத்தகத்தை விரித்தேன். பிறந்தபோது 2.9 கிலோ, மூன்றாம் வாரம் 3.4. இப்போது தராசில் 3.1. அந்த இடத்திலேயே எனக்கு விழித்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தடுத்து மூன்று அட்மிஷன். பதிவுத்தாளில் "வாந்தி, பால், 2 தடவை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இரண்டு தடவையும் நான் பார்க்கவில்லை. தாய் சொன்னதைத்தான் எழுதினேன்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் டியூட்டி மாற்றும்போது சிஸ்டர் தாளைப் பார்த்தார். "என்ன கலர்?" பால் கலர் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "எவ்வளவு தூரம் போனது? பால் கொடுத்து எத்தனை நிமிஷம் கழித்து? எடுத்த பிறகு பிள்ளை தூங்கியதா, பால் தேடியதா?" எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் திட்டவில்லை. "வா, ஒரு தரம் பால் கொடுக்கிறதைப் பார்ப்போம்" என்றார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிறவள் நின்றுவிட்டேன்.

ஜன்னல் பக்கம் வெளிச்சம் விழுகிற மாதிரித் தாயை உட்கார வைத்து, குழந்தையின் சட்டையைக் கழற்றி, வயிறு திறந்திருக்கப் பால் கொடுக்கச் சொன்னார். குழந்தை ஆவலாகக் குடித்தான். ஐந்தாறு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே தோல் மெல்ல மேடிட்டது. எலுமிச்சம்பழம் ஒன்று தோலுக்கடியில் உருண்டு போகிற மாதிரி அந்த மேடு இடமிருந்து வலமாக நகர்ந்து, தொப்புளுக்கு மேலே மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. தாயும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். லயத்துக் காம்பராவில் இந்த வெளிச்சம் ஏது?

இரைப்பை தள்ளுவதுதான் அந்த அலை. இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகிற வாசலில் தசை தடித்து, வழி ஒடுங்கிவிட்டது. இரைப்பை முழு பலத்தோடு தள்ளுகிறது, வாசல் விடுவதில்லை. கடைசியில் வந்த வழியே திரும்பத்தான் வேண்டும். திரும்பியது. பால் நிறுத்திப் பதினைந்தாவது நிமிஷம், எந்த ஓங்கரிப்பும் இல்லாமல் பீய்ச்சி அடித்தது. தாயின் மடியைத் தாண்டி, இரண்டடி தள்ளி நின்ற என் யூனிஃபோமில்.

நாம் சாதாரணமாகக் கக்குவது என்று சொல்கிறோமே, அது வாயோரம் வழிந்து தோளை நனைக்கும். பிள்ளைக்கு அது தெரிவதுகூட இல்லை. இது வேறு. திரிந்த பால், புளித்த வாடை, பச்சையோ மஞ்சளோ துளியும் இல்லை. பித்தம் வந்து சேர்கிற இடத்துக்கு மேலேயே அடைப்பு இருப்பதால் நிறம் சேர வழியில்லை. "இதுவே கீரைச் சாறு மாதிரிப் பச்சையாக வந்திருந்தால் நான் இங்கே நின்று உனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்" என்றார் சிஸ்டர். பச்சை என்றால் அடைப்பு கீழே, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது மணிக்கணக்கில் குடலைக் கருக்கிவிடும்.

பீய்ச்சி முடித்த அடுத்த நிமிஷமே குழந்தை கையைச் சப்பிக்கொண்டு தாயின் மார்பைத் தேடினான். கிருமியால் வாந்தி எடுக்கிற பிள்ளை துவண்டு கிடக்கும், பாலை வேண்டாமென்று தள்ளும். இவன் பசியோடு இருக்கிறான். முகத்தில் மட்டும் ஒரு கிழவனின் சுருக்கம்.

டொக்டர் வந்து இடப்பக்கம் நின்று, விரலை வலது விலாவுக்குக் கீழே மெதுவாக வைத்து வெகுநேரம் காத்திருந்தார். புத்தகத்தில் ஒலிவ் காய் அளவு என்று போட்டிருக்கும். ஒலிவ் காயை நான் கண்டேனா! என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். கொட்டைப் பாக்கு மாதிரி, கெட்டியாக, வழுக்கிப் போகிற ஒன்று தட்டுப்பட்டது. இரைப்பை காலியான உடனேதான் இது கைக்கு அகப்படும். வீங்கிய வயிற்றிலோ அழுகிற பிள்ளையிலோ தேடினால் கிடைக்காது.

ஜூலை 9, புதன்

பால் நிறுத்தியாயிற்று. மூக்கு வழியாக 8ஆம் நம்பர் குழாய், நுனி திறந்தபடி ஒரு பையில். அதில் வடிகிறதை நான்கு மணிக்கொரு தடவை அளந்து, அதே அளவு சேலைனைத் திருப்பிக் கொடுக்கிறோம்.

இரத்த ரிப்போர்ட் நேற்றே வந்தது. குளோரைட் 84, பொட்டாசியம் 2.9, இரண்டும் குறைவு. பைகார்பனேட் 36, அது அதிகம். இரைப்பையில் இருப்பது அமிலம். அதை இரண்டு வாரமாக வெளியே கொட்டினால் இரத்தம் காரப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பேதியாகிற பிள்ளைக்கு நேர் எதிர்.

மாமியாருக்குக் கோபம். "ஆப்பரேஷன்னு சொல்லிட்டு ஏன் சும்மா போட்டு வச்சிருக்கீங்க?" நியாயமான கேள்விதான். உட்கார வைத்துச் சொன்னேன். "ஆத்தா, இரத்தம் இப்படிக் காரமாக இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், பிள்ளை பிறகு மூச்சு விடவே மறந்துவிடும். முதலில் இரத்தத்தைச் சரி செய்யணும். வாசலை வெட்டி விடுவது இரண்டு நாள் பொறுக்கும், இது பொறுக்காது." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உரம் இல்லையா" என்றார். இல்லை ஆத்தா. அவர் உருட்டியதால் வந்ததும் இல்லை என்று சேர்த்துச் சொன்னேன். அதைத்தான் கேட்கக் காத்திருந்தார் போல.

முதலில் 60 மில்லி சாதாரண சேலைன், பிறகு குளுக்கோஸ் கலந்த சேலைன் மணிக்கு 19 மில்லி. பொட்டாசியம் சேர்க்க மூத்திரம் போகிற வரை காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் ஓடாதபோது கொடுத்தால் அது இருதயத்தில் போய் நிற்கும். ஆகவே என் முழு இரவும் பம்பர்ஸ் நிறுப்பதில் போனது. காய்ந்தது 20 கிராம். விடியற்காலை இரண்டரைக்கு ஒன்று 35 காட்டியது. பதினைந்து மில்லி. பொட்டாசியம் தொடங்கினோம்.

நாளை போயா விடுமுறை என்பதால் இன்றே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். தசைத் தடிப்பு 4.5 மில்லிமீற்றர், நீளம் 19. தடிப்பு மூன்றைத் தாண்டினாலே சந்தேகம்.

ஜூலை 10, வியாழன், போயா

6ஆம் கட்டிலில் எட்டு மாதப் பிள்ளை. பூச்சித் தொல்லை என்று கூட்டி வந்தார்கள். போன வாரம் தடிமன் இருந்ததாம். நேற்றுவரை வாயை மூடிக்கொண்டிருந்த நான் இன்று கடிகாரத்தோடு போய் நின்றேன். 10.05க்குக் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீல் என்று கத்தல், முகம் வெளிறிப்போனது. இரண்டு நிமிஷத்தில் நின்றது. 10.20க்கு மறுபடி. 10.38. நடுவில் "நல்லாத் தூங்குறான்" என்றாள் தாய். தூக்கமில்லை அது. கையைத் தூக்கி விட்டால் துணி மாதிரி விழுகிறது. அந்தத் துவளல்தான் என்னைப் பயமுறுத்தியது.

சட்டைக் கை உள்பக்கமாக மடிந்துபோகிற மாதிரி, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்கிற நோய். ஜாம் மாதிரி இரத்தமும் சளியும் மலத்தில் வருமென்று எல்லோரும் படிக்கிறோம். அது வருவது தாமதித்து. இவன் பம்பர்ஸில் இன்னும் இல்லை. அழுகை நேரங்களை மட்டும் வரிசையாக எழுதி டொக்டரிடம் காட்டினேன். ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டம். ஒரு மணிக்குள் பேராதனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஆசனவாய் வழியாகக் காற்றுச் செலுத்தி மடிப்பை எடுத்துவிட்டார்களாம், கத்தி இல்லாமல். பத்துப் பேரில் ஒருவருக்குத் திரும்ப வரலாம் என்பதால் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி

14ஆம் கட்டிலின் குளோரைட் 101, பைகார்பனேட் 26. ஆப்பரேஷனுக்குப் போகலாம். அம்புலன்ஸில் நானே போனேன். புறப்படும் முன் குழாயில் சிரிஞ்ச் வைத்து இரைப்பையைக் காலி செய்தேன். றம்பொடை வளைவுகளில் பெரியவர்களுக்கே வாந்தி வரும், மூச்சுக்குள் போய்விட்டால் தீர்ந்தது. புசல்லாவை தாண்டும்வரை மூடுபனி. கம்பளையில் வெயில். பேராதனை பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "என்ன கலர்?" நிறம், தூரம், நேரம், பசி எல்லாம் தாளில் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

சனிக்கிழமை ஆப்பரேஷன் முடிந்ததாம். 1912இல் ராம்ஸ்டெட் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிய முறைதான் இன்றும்: தடித்த தசையை நீளவாக்கில் கீறி விரிக்கிறார்கள், உள்ளே இருக்கிற மெல்லிய தோலைத் தொடுவதில்லை, தசையைத் தைப்பதும் இல்லை. தாய் போனில் அழுதாள். ஆப்பரேஷன் முடிந்து பால் கொடுத்த அன்றே இரண்டு தடவை எடுத்தானாம். "பாய்ஞ்சதா, வழிஞ்சதா?" என்று கேட்டேன். வழிஞ்சதுதான் மிஸ் என்றாள். வீங்கின வாசல் அடங்க ஒன்றிரண்டு நாள் ஆகும், பயப்படாதே தங்கச்சி என்றேன். பாய்ச்சல் நாள்கணக்கில் நிற்காவிட்டால்தான் கீறல் முழுசாகவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

வாட்டு வாசலில் வந்து நின்றார்கள், மூவரும். 3.95 கிலோ. இடுப்பில் கறுப்புக் கயிறு, அது மாமியார் வேலை. தொப்புளுக்கு மேலே ஒரு விரல்கணு நீளத் தழும்பு.

தாய் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து நீட்டினாள். நான் எங்கள் தாளில் போடுகிற கோடுகளை அப்படியே பார்த்துப் போட்டிருக்கிறாள்: நேரம், கலர், தூரம், பசி. முதல் பக்கம் நிறைந்திருந்தது. இரண்டாவதில் வெறும் நேரங்கள். கடைசி வரியில், நேற்று இரவு 9.40: "தோள்ல கொஞ்சம்."