வாழ்த்து மெயில் அனுப்பி ஓ.எம்.ஆர். வரை அலைந்த கதை

மாதவரத்தில் ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு விடும் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். ஒரு டெலிவரி நிறுவனத்துக்கு முதலீடு கிடைத்த செய்தி பேப்பரில் வந்ததும் முதலாளி, "ஒரு வாழ்த்து சொல்லி நம்ம ரேட்டையும் அனுப்பிடுப்பா" என்றார். அனுப்பினேன், பதில் இல்லை. ஓ.எம்.ஆரில் இருக்கும் ஆபீசுக்கே போனால், வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காலையிலேர்ந்து எல்லாரும் இதே செய்தியைச் சொல்லிட்டுத்தான் வர்றாங்க சார்" என்று பொது மெயில் ஐடியை ஒரு சீட்டில் எழுதி நீட்டினார். அரை நாளும் பெட்ரோலும் தண்டம்.

அந்தச் செய்தியும் பெரும்பாலும் ஆறின கஞ்சிதான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி முதலீட்டாளருக்குப் பங்கு ஒதுக்கினால் 15 நாளுக்குள் PAS-3 என்ற பங்கு ஒதுக்கீட்டுப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகமான எம்.சி.ஏ.வின் தளத்தில், பல நேரம் செய்தி பேப்பரில் வரும் முன்பே, கட்டணம் கட்டி யாரும் அதைப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்தும் எனக்குப் பயனில்லை. பணம் எவ்வளவு வந்தது என்று தெரியும், குடோன் எங்கே வரப்போகிறது என்று தெரியாதே!

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு வேலை விளம்பரம்: செங்குன்றம் குடோனுக்கு சூப்பர்வைசர் தேவை. கூடவே புதிதாக ஒரு ஆபரேஷன்ஸ் ஹெட் சேர்ந்திருப்பதும் லிங்க்ட்இன்னில் தெரிந்தது. முதலாளி அவசரப்படுத்தியதில் அன்றைக்கே மெயில் போட்டோம், திரும்பி வந்துவிட்டது. மனிதருக்கு ஆபீஸ் மெயிலே இன்னும் திறக்கவில்லை போல. புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதற்குள் எது குறைகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். பழைய வெண்டர் யார் மீதும் பாசம் இருக்காது.

இரண்டாவது தடவை லிங்க்ட்இன்னிலேயே எழுதினேன். வாழ்த்து இல்லை, அவர் முன்பு எங்கே வேலை பார்த்தார் என்ற பேச்சும் இல்லை. அதையெல்லாம் தோண்டி எழுதினால் வேவு பார்த்த மாதிரி இருக்கும். "செங்குன்றம் குடோனுக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் பார்த்தேன். த்ரீ ஃபேஸ் இணைப்பு வந்துவிட்டதா? வராவிட்டால் பேட்டரி வண்டிக்கு சார்ஜ் போட முடியாது. அதுவரை டீசல் வண்டி தருகிறோம், இணைப்பு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்." அவ்வளவுதான் எழுதினேன்.

சாயங்காலமே பதில்: "மீட்டர் இன்னும் வரலை. 3 டன் வண்டி இருக்கா?"

இருக்கிறது என்றேன். அப்புறம் ரேட் பேசியதெல்லாம் ஒரு போன் காலில் முடிந்தது. வெண்டர் பதிவில்தான் உயிரை எடுத்தார்கள். சிறுதொழில் பதிவுக்கான எங்கள் உத்யம் சான்றிதழில் பழைய தண்டையார்பேட்டை முகவரி, ஜி.எஸ்.டி.யில் மாதவரம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கிளார்க் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டார். திருத்திக் கொடுத்த பிறகுதான் ஆர்டர் வந்தது. நீங்கள் மெயில் போடும் முன்பே இதைச் சரிபார்த்து வையுங்கள்.

வண்டி போன வாரம் இறங்கியது. அட்வான்ஸ் பில் இன்னும் அவர்கள் அக்கவுண்ட்ஸில் தூங்குகிறது.