அகராதியில் அகப்படாத ‘இன்று’

பெய்ஜிங்கில் சீன மொழி வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், விடுதிக் காவலர் அடிக்கடி சொன்ன ‘ஜியெர்’ என்ற சொல்லைத் தேடியே ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன். அகராதியில் jier என்று தட்டினேன், jer என்றும் தட்டினேன், எதுவும் கிடைக்கவில்லை. மறுநாள் ஆசிரியை jinr என்று எழுதிக் காட்டினார். ‘இன்று’ என்பதன் பேச்சு வடிவம் அது.

சொல்லின் இறுதியில் நாக்கை மடித்து ‘ர்’ சேர்க்கும் ‘அர்ஹுவா’வில், சீனத்தை ரோமன் எழுத்துகளில் எழுதும் முறை பழைய வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு r ஒன்றை மட்டும் ஒட்டுகிறது, வாயிலோ, ஈற்றில் நின்ற n, i ஆகியவை நாக்கு மடியும்போது மறைந்துவிடுகின்றன. dianr என்பது ‘தியர்’ என்றும், hair என்பது ‘ஹர்’ என்றும் ஒலிப்பது இதனால்தான். ஆகவே காதில் விழுந்ததை அப்படியே தட்டாமல், r-க்கு முன் n அல்லது i சேர்த்துத் தேட வேண்டும்.

இதைக் கற்ற உற்சாகத்தில் எல்லாச் சொல்லுக்கும் ‘ர்’ சேர்த்ததுதான் அடுத்த தவறு. சியென்மென் என்னும் பழைய நகர வாயிலுக்குச் செல்லவேண்டி, பேருந்து நடத்துநரிடம் ‘சியென்மெர்’ என்று கேட்டேன். அவர் முன்பக்கக் கதவைக் காட்டினார், ஏறிக்கொண்டேன். பேருந்தோ எதிர்த்திசையில் சென்றது. பெரிய கோட்டை வாயிலின் பெயருக்கு ‘ர்’ சேராது என்பதும், சேர்த்தால் அது வெறும் முன்கதவு ஆகிவிடும் என்பதும் திரும்பி வந்த பிறகே தெரிந்தது.

வாய்மொழித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது, சீன அசைகளுக்குரிய நான்கு தொனிகள், அதாவது குரலின் ஏற்ற இறக்கங்கள், எதுவும் இல்லாத நடுநிலைத் தொனி. ‘பொருள்கள் வாங்கினேன்’ என்பதை இரண்டு அசைகளுக்கும் முழுத் தொனி கொடுத்து dōngxī என்று சொன்னேன். “கிழக்கையும் மேற்கையுமா வாங்கினீர்கள்?” என்றார் ஆசிரியை. ‘பொருள்’ என்றால் இரண்டாம் அசை குறுகி, தன் தொனியை இழக்க வேண்டும். நம் குற்றியலுகரம் போல அளவில் சுருங்குவதோடு, முன் அசையைப் பொறுத்து அதன் உயரமும் மாறும். மூன்றாம் தொனிக்குப் பின் அது சற்று உயர்ந்தும், நான்காம் தொனிக்குப் பின் அடித்தட்டிலும் ஒலிக்கும்.

இத்தனைக்கும் அந்த எச்சரிக்கை ‘ஷியென்தாய் ஹன்யூ சுதியென்’ அகராதியில் dōng·xi என்று நடுப்புள்ளியாக அச்சாகியிருந்தது. நான்தான் அதை அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன். yīn·wèi போலப் புள்ளியும் தொனிக்குறியும் சேர்ந்து வந்தால், பெரும்பாலும் மெலிந்தும் சில வேளைகளில் முழுத் தொனியுடனும் ஒலிக்கும் என்று பொருள். முன்னுரையைப் படிக்காமல் இது விளங்காது.

சென்ற வாரம் காவலர் ‘இக்குவார்’ என்றார். i சேர்த்து yikuair என்று தட்டினேன். ‘ஒன்றாக’ என்ற பொருள் முதல் முயற்சியிலேயே வந்து நின்றது.