கன்னத்துத் திட்டுகளும் பேனாவின் அழுத்தமும்

ஜூன் 3, 2024

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்துக்குத் தேர்வான மணப்பெண்ணின் முகப் படத்தை இன்று ஃபோட்டோஷாப்பில் மவுஸால் திருத்தினேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால், இடது கண்ணுக்குக் கீழே தோல் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. தோலின் நுண்துளைகளை மழுக்காமல் இதைச் சரிசெய்ய நான் நம்புவது டாட்ஜ் அண்ட் பர்ன் முறையைத்தான். வெளிச்சத்தைக் கூட்ட ஒரு Curves லேயரும் குறைக்க இன்னொன்றும் போட்டு, இரண்டின் மாஸ்க்கையும் கறுப்பாக்கிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளை பிரஷால் மெல்லத் தடவித் திறக்க வேண்டும்.

பிரஷ் எவ்வளவு படியவைக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் Flow அளவை 2 சதவீதத்தில் வைத்து இரண்டு மணி நேரம் செய்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. முழுப் படமாகச் சுருக்கியதும், பக்கத்து இருக்கையில் ஆல்பம் வடிவமைக்கும் தம்பி, "அண்ணா, கன்னத்துல புழு ஊர்ந்த மாதிரி இருக்கே" என்றான்.

Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கிப் பார்த்ததில் காரணம் விளங்கியது. ஒவ்வொரு கோடும் வட்டமான ஒரு முனையில் தொடங்கி வட்டமான இன்னொரு முனையில் முடிந்திருந்தது. கை திரும்பிய இடங்களிலெல்லாம் வெள்ளை இரட்டிப்பாகப் படிந்திருந்தது. மவுஸின் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும் அல்லது விடப்பட்டிருக்கும். இடைப்பட்ட நிலை என்பது அதற்குக் கிடையாது. ஆகவே கோட்டின் முதல் புள்ளியிலேயே முழு அளவு விழுந்துவிடுகிறது.

ஜூன் 4, 2024

அலமாரியில் கிடந்த பேனா டேப்லெட்டை எடுத்து இணைத்தேன். வட்டம் வரைந்தால் திரையில் படுத்த முட்டை வந்தது. அதன் வரைபரப்பு 216 மி.மீ. அகலமும் 135 மி.மீ. உயரமும் கொண்டது. என் மேசையில் 1920 × 1080 அளவுள்ள திரைகள் இரண்டு அருகருகே இருக்க, டேப்லெட் இரண்டின் மேலும் சேர்ந்து விரிந்திருந்தது. அதனால் கை ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் திரையில் ஏறக்குறைய 18 பிக்சலும், மேலும் கீழுமாக நகர்ந்தால் 8 பிக்சலும் கடந்தன.

ஒரே திரைக்கு ஒதுக்கி, விகிதத்தைக் காக்கும் அமைப்பையும் இயக்கியபின், டேப்லெட்டின் உயரத்தில் சுமார் 13 மி.மீ. பயன்படாமல் போனது, ஆனால் வட்டம் வட்டமாக வந்தது. பேனா பழகவில்லை என்று பலர் ஒதுக்கிவைப்பதற்கு இந்தக் கோணலே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனெனில் கண் சொல்லும் இடத்துக்குக் கை போகாதபோது மனிதர் தம் கையைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்.

ஜூன் 6, 2024

இன்று முழுவதும் பேனாவின் முனை உணரும் அழுத்தத்தோடு கழிந்தது. முதலில் பிரஷின் அளவு, Flow இரண்டையுமே அழுத்தத்துக்குக் கட்டுப்படுத்தி வைத்தேன். கோடு அகலமாகும்போதே அடர்த்தியாகவும் ஆனதால், எது எதனால் நேர்ந்தது என்று கணிக்க முடியவில்லை. அளவை விசைப்பலகையின் [ ] விசைகளுக்கு விட்டுவிட்டு, பிரஷ் அமைப்புகளின் Transfer பகுதியில் Flow-வை மட்டும் Pen Pressure-க்குக் கொடுத்ததும் கை தெளிந்தது.

மவுஸுக்கு வைத்த 2 சதவீதம் இங்கே உதவவில்லை. அது இப்போது உச்ச வரம்பு ஆகிவிடுவதால், மெல்லத் தொட்டால் எதுவுமே படிவதில்லை. படியவைக்க அழுத்தி அழுத்தி மணிக்கட்டு வலிக்கிறது. 8 சதவீதம் வைத்து இறகுபோல் தடவினேன். ஒரு திட்டின் நடுவில் சற்று அழுத்தி, விளிம்பை நெருங்கும்போது பேனாவைத் தூக்கிக்கொண்டே வெளியேறினால், திருத்தம் எங்கே முடிந்தது என்பதே தெரியாமல் கரைந்துவிடுகிறது. மவுஸில் இதே கரைவைப் பெற, விளிம்புக்கென்று Flow-வைக் குறைத்து இன்னொரு சுற்று வர வேண்டியிருந்தது.

ஜூன் 7, 2024

கன்னம் முடிந்து, நெற்றியின் சிறு பருக்களுக்கும் நெற்றிச்சுட்டியின் ஓரத்துக்கும் வந்தேன். இங்கே மவுஸுக்கே திரும்பினேன். ஹீலிங் பிரஷில் ஒரு பருவை ஒரே தொடுதலில் நீக்க வேண்டும். பேனாவின் முனை தொடும் நொடியில் ஓரிரு பிக்சல் வழுக்கினாலும் புள்ளி சிறு இழுப்பாகி, பக்கத்துத் தோலும் மாறிவிடுகிறது. மவுஸ் வைத்த இடத்தில் நிற்கும். நகையின் விளிம்பில் புள்ளி புள்ளியாக வைத்து இணைக்கும் பாத் கோட்டை வரைந்து பிரிக்கும்போதும் அப்படியே: ஒவ்வொரு புள்ளியையும் ஊன்றி நிறுத்த வேண்டிய வேலைக்கு அழுத்தம் எதையும் சேர்ப்பதில்லை.

ஜூன் 10, 2024

ஜூன் 3-இல் செய்த மாஸ்க்கை அழிக்காமல் அணைத்து வைத்திருந்தேன். இன்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பழையதில் நெளியும் கோடுகள். புதியதில் ஓரமில்லாத மேகம்போன்ற படிவு. அச்சுக்கு அனுப்புமுன் தம்பியை அழைத்துச் சுருக்கிய படத்தைக் காட்டினேன். கன்னத்தைத் தாண்டி, மூக்குத்தியின் நிழல் இன்னும் சற்றுக் கருப்பாக இருக்கிறது என்றான். பேனாவை எடுத்து மூன்று தடவல் தடவி, படத்தை அனுப்பிவிட்டேன்.