ஐந்தாம் பிரிவும் பதினான்காம் பிரிவும்

அந்தத் தொலைபேசிப் பேச்சு நான்கு நிமிடங்களுக்கு மேல் நீளவில்லை. 2024 மார்ச் 8, வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூரு மாரத்தஹள்ளி பாலத்தருகே பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். முதல் நாள் நான் சரிபார்த்து அனுப்பிய ஆஃபர் லெட்டரைப் பெற்றவர் அழைத்திருந்தார். ஆங்கிலத்தில் “மேடம்” என்று தொடங்கி, என் பேச்சிலிருந்து நான் தமிழ் என்று தெரிந்ததும் “அக்கா” என்று மாறினார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவர்.

“அக்கா, அஞ்சாவது பிரிவுல புரொபேஷன்ல 30 நாள் நோட்டீஸ்னு இருக்கு. பதினாலாவதுல 90 நாள்னு இருக்கு. எதை எடுத்துக்கணும்?”

“புரொபேஷன் முடியிற வரைக்கும் 30 தான் தம்பி. கன்ஃபர்ம் ஆனப்புறம்தான் 90.”

“அதை ஒரு மெயில்ல போட்டுத் தர முடியுமா அக்கா?”

“மெயிலெல்லாம் எதுக்கு? எல்லாருக்கும் இதே லெட்டர்தான் போகுது. கவலைப்படாதீங்க.”

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அன்றிரவே கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்பினார். என் பதிலின் முதல் பாதி எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை, ஏனென்றால் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். என்னைத் தூங்கவிடாதது இரண்டாம் பாதிதான்.

அந்தக் கடிதத்தை நான் கவனக்குறைவாகப் படிக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மார்ச் 6 அன்று வரைவு என் மேசைக்கு வந்தபோது அதில் மூன்று முரண்கள் இருந்தன; மூன்றையும் நான்தான் கண்டுபிடித்தேன். முதலாவது ஊதியம். இரண்டாம் பிரிவில் ‘ஆண்டுக்கு நிலையான ஊதியம் ரூ. 12,00,000; அதற்கு மேல் 10 சதவீதம் வரை வேரியபிள் எனும் மாறும் ஊதியம்’ என்றிருந்தது. பின்னால் இணைத்திருந்த ஊதிய அட்டவணையோ அடிப்படை ஊதியம் 40,000, வீட்டு வாடகைப்படி 16,000, சிறப்புப்படி 30,276, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டி 1,924 என்று மாதம் 90,000 காட்டியது. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 10,80,000. அதனுடன் வேரியபிள் 1,20,000 சேர்ந்தால்தான் 12 லட்சம். அதாவது, ஒரே கடிதத்தில் வேரியபிள் ஓரிடத்தில் 12 லட்சத்துக்கு வெளியேயும் இன்னோரிடத்தில் உள்ளேயும் இருந்தது. அட்டவணையின் கூட்டல் தானாகச் சரியாக வரும்படி கட்டப்பட்டது, சிறப்புப்படி என்பதே மீதியை நிரப்பும் வரி என்பதால் அங்கே பிழையைத் தேடிப் பயனில்லை. கூட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பத்தியில் எழுதியுள்ள வாக்கியத்தையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இந்த வகைப் பிழை கண்ணில் படும். ஒப்புதல் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வேரியபிள் உட்பட 12 என்று இருந்தது. இரண்டாம் பிரிவைத் திருத்தினேன்.

இரண்டாவது, சேரும் தேதி. கடிதத்தில் ஜூன் 3 என்றிருந்தது. அன்று சேராவிட்டால் இந்த வாய்ப்பு தானாகவே ரத்தாகும் என்று அடுத்த வரி சொன்னது. இவர் பழைய நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர், மார்ச் 11 திங்களன்று ராஜினாமா செய்யப்போவதாக முன்பே தெரிவித்திருந்தார். நாட்காட்டியில் எண்ணினால் தொண்ணூறாவது நாள் ஜூன் 8, சனிக்கிழமை. சேரும்போது பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் கட்டாயம் என்று எட்டாம் பிரிவு சொல்கிறது. ஜூன் 3 அன்று அது எப்படிக் கையில் இருக்கும்? ‘மூன்று மாதம்’ என்று யாரோ தோராயமாகக் கணக்கிட்டுத் தேதியைப் போட்டிருந்தார்கள். ஜூன் 10 என்று மாற்ற வைத்தேன்.

மூன்றாவதுதான் நோட்டீஸ். ஐந்தாம் பிரிவு பழைய கடித வார்ப்பில் இருந்து வந்தது: ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இரு தரப்பும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். பதினான்காம் பிரிவு 2021-இல் ஆட்கள் கூட்டமாக விலகியபோது சட்டப் பிரிவு சேர்த்தது. அதன் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற சொல் இருக்கிறது. ‘இக்கடிதத்தின் வேறெந்தப் பிரிவில் என்ன கூறப்பட்டிருப்பினும், பணியாளர் எந்தக் கட்டத்திலும் 90 நாள் முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுக்க வேண்டும்’ என்பது அதன் பொருள். பிரிவை எழுதியவர் ஐந்தாம் பிரிவை நினைத்தே பார்த்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். ஆனால் அந்த ஒரு சொல் இருக்கும்வரை, இரண்டு பிரிவுகளும் சமமாக நின்று மோதுவதாகக் கொள்ள முடியாது. பதினான்கு ஐந்தை விழுங்கிவிடுகிறது.

இதை நான் அன்று இப்படிப் படிக்கவில்லை. பொதுவாகச் சொல்லப்பட்டதைவிடக் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டதே நிற்கும் என்று எப்போதோ கேட்டிருந்ததை வைத்து, தகுதிகாண் காலத்துக்கென்று தனியாக ஒரு பிரிவு இருப்பதால் அதுதான் பொருந்தும் என்று முடிவு செய்தேன். அந்த விதி உண்மையான விதிதான். ஆனால் ஒரு பிரிவு தன்னை மற்றவற்றுக்கு மேலே வைத்துக்கொண்டால் அந்த விதி எடுபடுவது கடினம். மேலாளரிடம் கேட்டபோது, “எண்களையும் தேதியையும் திருத்திடுங்க, அது நம்ம கையில இருக்கு. வாசகம் சட்டப் பிரிவுடையது, அவங்க கிட்ட போனா இரண்டு வாரம் ஆகும், ஆள் வேற இடத்துக்குப் போயிடுவார்” என்றார். அது நியாயமாகவே பட்டது. இப்போதும் ஓரளவு அப்படித்தான் படுகிறது. இரண்டு வாரம் காத்திருந்தால் அந்தப் பையனுக்கு அந்த வேலையே கிடைத்திருக்காது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு மின்னஞ்சல் அனுப்ப இரண்டு வாரம் தேவையில்லை. அவர் கேட்டது அதைத்தான்.

நவம்பர் 4 அன்று அவர் ராஜினாமா செய்தார். சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்திருந்தது; டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குள் அங்கே சேர வேண்டும். தகுதிகாண் காலம் டிசம்பர் 9 வரை இருந்ததால், 30 நாள் கணக்கில் டிசம்பர் 3 கடைசி நாள் என்று அவரே எழுதியிருந்தார். வெளியேற்றப் பணிகளைப் பார்க்கும் குழு பதினான்காம் பிரிவை எடுத்துக்காட்டி, 2025 பிப்ரவரி 1 வரை இருக்க வேண்டும், இல்லையேல் குறைகிற 60 நாளுக்கு ஊதியம் கட்ட வேண்டும் என்று பதில் அனுப்பியது. அவர் என் பெயரைக் குறிப்பிட்டு, 30 நாள்தான் என்று எனக்குச் சொல்லப்பட்டது என்று பதில் எழுதினார்.

குழுவில் இருந்தவர் என்னிடம் வந்து கேட்டார். ஆமாம், சொன்னேன் என்றேன். “எழுத்துல இருக்கா?” இல்லை. அவர் பத்தொன்பதாம் பிரிவைக் காட்டினார்: இக்கடிதமே முழு ஒப்பந்தம், இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ சொன்ன எதுவும் செல்லாது. அந்தப் பிரிவையும் நான்தான் சரிபார்த்தேன். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கையொப்பமிடுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் நான் கொடுத்த வாக்கு, அவர் கையொப்பமிட்ட நொடியிலேயே எதுவும் இல்லாமல் போனது. மெயில் அனுப்பியிருந்தாலும் முந்தைய எழுத்து என்று அதையும் ஒதுக்கியிருக்கலாம். திருத்தப்பட்ட கடிதம் ஒன்றுதான் உண்மையான பாதுகாப்பாக இருந்திருக்கும். இருந்தாலும் ஒரு மெயிலைக் கையில் வைத்துக்கொண்டு வாதிடுகிறவரின் நிலைமை வேறு. அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் ஒன்று நடந்தது; அதை எனக்குச் சாதகமாகச் சொல்கிறேனோ என்ற தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். பதினான்காம் பிரிவில் ‘அதற்கு ஈடான ஊதியம்’ என்று மட்டுமே இருந்தது. எந்த ஊதியம் என்று கடிதத்தில் எங்கும் விளக்கம் இல்லை. குழு, நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் கிராஜுவிட்டியும் நீங்கலான மொத்த மாத ஊதியமான 86,276-ஐ வைத்து 1,72,552 கேட்டது. அடிப்படை ஊதியத்தை வைத்தால் 80,000. சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள் கொள்வது நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் வழக்கம் என்று சட்டப் பிரிவுக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து அடிப்படை ஊதியம் என்று ஒப்புக்கொண்டார்கள். இறுதிக் கணக்கில் 80,000 பிடிக்கப்பட்டு, நவம்பர் மாதச் சம்பளத்தில் சொற்பமே அவருக்குப் போனது. அவர் எனக்குக் கடைசியாக அனுப்பிய செய்தியில் “பரவாயில்லை அக்கா” என்று மட்டும் இருந்தது. அதை எத்தனை முறை படித்தாலும் அதில் கோபம் இருக்கிறதா என்று எனக்குத் தெரிவதில்லை.

ஜனவரியில், முரண்பாட்டை நீக்கும்படி முறையாக ஒரு குறிப்பு எழுதிச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததையும் சொல்லி, ‘தகுதிகாண் காலம் நீங்கலாக’ என்று மூன்று சொற்களைப் பதினான்கில் சேர்த்தால் போதும் என்று பரிந்துரைத்தேன். மார்ச்சில் புதிய வார்ப்பு வந்தது. பதினான்காம் பிரிவு அப்படியே இருந்தது. ஐந்தாம் பிரிவில் இருந்த 30 நாள் என்ற வரி எடுக்கப்பட்டிருந்தது. ‘ஊதியம் என்பது மொத்த மாத ஊதியத்தைக் குறிக்கும்’ என்று ஒரு விளக்கமும் சேர்ந்திருந்தது.

நான் அந்தக் குறிப்பை எழுதாமல் இருந்திருந்தால் பழைய வார்ப்பே தொடர்ந்திருக்கும். அதில் வாதிடுவதற்காவது ஏதோ ஓர் இடம் இருந்தது; அடிப்படை ஊதியம் என்று இன்னொருவருக்கும் பேசியிருக்கலாம். குழப்பமான கடிதத்தைவிடத் தெளிவான கடிதம் மேல் என்று சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறவருக்கு இப்போது என்ன காத்திருக்கிறது என்று தெரியும். ஆனால் இருபத்தாறு வயதில், பழைய வேலையில் ராஜினாமா எழுதி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கடிதத்தைப் படிக்கிறவருக்கு, தெரிந்து என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது வரைவுகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன். முதலில் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ எங்கே இருக்கிறது என்று தேடி அடிக்கோடிடுகிறேன். அது தொடும் பிரிவுகளின் எண்களை ஓரத்தில் எழுதுகிறேன். பிறகுதான் ஊதியத்துக்கும் தேதிக்கும் போகிறேன். சென்ற வாரம் ஒரு பெண் அழைத்து, புரொபேஷனில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று கேட்டார். 90 என்றேன். மெயிலில் தர முடியுமா என்று அவர் கேட்கவில்லை. நானாகவே அனுப்பினேன்.