கெண்டைக்கால் பிடிப்பும் க்ரியேட்டினும்: மே மாதக் குறிப்புகள்

மே 6, செவ்வாய்
சென்னையில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கடல்காற்று வந்த பிறகும் புழுக்கம் குறையவில்லை. பயிற்சி முடியும் நேரத்தில் நம் கபடி ரைடர் பையனுக்குக் கெண்டைக்கால் கட்டையாக இறுகிவிட்டது. முழங்காலை நீட்டி, பாதத்தை அவன் முகத்துப் பக்கம் மெதுவாக வளைத்துப் பிடித்தேன். சற்று நேரத்தில் விட்டது. “க்ரியேட்டின்தான் அண்ணா காரணம், உடம்புத் தண்ணியை உறிஞ்சிடுமாம்” என்றான். தசை வலுவுக்காக அவன் எடுக்கும் பொடி அது. நாளை இருவரும் எடை பார்ப்பதாகப் பேச்சு.

மே 7, புதன்
பயிற்சிக்கு முன் அவன் எடை 70.4 கிலோ. ஒன்றரை மணி நேரம் கழித்து, வியர்வையைத் துடைத்து, அதே அரைக்கால் சட்டையோடு 68.5. இடையில் குடித்தது 600 மில்லி. ஆக 1.9 லிட்டரோடு அந்த 600 மில்லியையும் கூட்டினால், வெளியேறியது சுமார் 2.5 லிட்டர். எடையில் 2.7 சதவீதம் போயிருக்கிறது. 2 சதவீதத்தைத் தாண்டினாலே ஆட்டம் தளர ஆரம்பிக்கும். கறுப்பு பனியன் முழுக்க வெள்ளை உப்புக்கோடு வேறு. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுகிறது. உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கிறது.

மே 8, வியாழன்
க்ரியேட்டின் தசைக்குள் கொஞ்சம் நீரைச் சேர்க்கும் என்பது உண்மை. முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ வரை எடை ஏறுவது அதனால்தான். ஆனால் அதனால் உடம்பு வறண்டு பிடிப்பு வருகிறது என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை ஒரு சீசன் முழுக்கக் கவனித்தார்கள். க்ரியேட்டின் எடுத்தவர்களுக்குப் பிடிப்பும் வெப்பப் பாதிப்பும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. எடுப்பதா வேண்டாமா என்பது வீரர்களே தேர்ந்தது என்பதால், க்ரியேட்டின் பிடிப்பைத் தடுக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அவனிடம் ஒன்று கேட்டேன்: எவ்வளவு எடுக்கிறாய்? நான்கு கரண்டி, ஒரே தடவையில், சுமார் 20 கிராம். அப்புறம் வயிறு கலங்கி இரண்டு முறை போயிருக்கிறது. அந்த வழியில் போன தண்ணீரும் கணக்கில் சேரும். இனி சாப்பாட்டோடு நாளைக்கு 3 முதல் 5 கிராம். தசையில் க்ரியேட்டின் நிறைவது மெதுவாக இருக்கும், சுமார் நான்கு வாரம். பரவாயில்லை.

மே 12, திங்கள்
ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பும் எலுமிச்சையும். இடைவேளைகளில் பிரித்து 1.6 லிட்டர் குடித்தான், எடையில் இறங்கியது 0.9 கிலோதான். போன முழுதையும் அங்கேயே நிரப்பச் சொல்லவில்லை. உப்பில்லாத வெறும் தண்ணீரை அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலியும் குமட்டலும் வரும்.

மே 14, புதன்
கடைசித் தொடர் ரைடில் மறுபடி லேசாகப் பிடித்தது, தண்ணீர் சரியாக இருந்தும். களைத்த தசையில் நரம்பின் கட்டுப்பாடு தடுமாறுவதும் பிடிப்புக்குக் காரணம். நீட்டினால் உடனே விடுவது அதற்கு ஒத்துப்போகிறது. ஆகவே கடைசி இருபது நிமிட ரைடுகளைப் பாதியாக்கினேன். பையன்களிடம் சொன்னது: சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, பேச்சு குழறினாலோ பயிற்சி அங்கேயே நிற்கும். குழறினால் முதலில் குளிர்ந்த நீரை உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.