ஹுட்ஸ்பாவும் ஷ்லெப்பும்: சொற்பட்டியல் விட்டுவிடும் பாதிப் பொருள்

வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படித்தபோது என் கைக்கு வந்த சொற்பட்டியல்களில் ஹுட்ஸ்பாவுக்கு நேரே தைரியம், துணிச்சல் என்ற பொருள் தரும் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் இருந்தது. ஷ்லெப் என்பதற்கு நேரே 'சுமந்து செல்' என்ற அளவில் ஒரு விளக்கம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனால் தேர்விலும் சரி, ஒரு நாளிதழ்க் கட்டுரையைப் படிக்கும்போதும் சரி, எழுதியவர் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்பதே பிடிபடாது. ஆங்கிலத்துக்குள் வந்த யித்திஷ் சொற்களில், சொல்பவரின் மனநிலையும் பொருளின் பாகமாகவே இருக்கிறது. அதை எப்படிப் பிடித்துப் படிப்பது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. யித்திஷ் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய மொழி. அடிப்படை ஜெர்மானியம், எழுத்து எபிரேயம். சொற்களில் எபிரேயமும் அரமேயமும் ஸ்லாவிய மொழிகளும் கலந்திருக்கும். 1880-களில் தொடங்கி, 1924-ல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் வரை, ஏறத்தாழ இருபது லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அங்கே போனார்கள். பெரும்பாலோர் முதலில் தங்கியது நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில். நெருக்கடியான அடுக்குவீடுகள், தள்ளுவண்டிக் கடைகள், தையல் பட்டறைகள். பிறகு நாடக மேடை, நகைச்சுவை நிகழ்ச்சி, வானொலி வழியாக அந்தத் தெருவின் பேச்சு பொது ஆங்கிலத்துக்குள் வந்தது. அதனால் இந்தச் சொற்களில் பெரும்பாலானவை இன்றும் பேச்சு வழக்கின் சாயலோடுதான் இருக்கின்றன.

இப்போது ஹுட்ஸ்பா. எபிரேய, அரமேய வேர் கொண்ட இந்தச் சொல் யித்திஷில் தெளிவான வசைச்சொல். ஒரு பிள்ளைக்கு ஹுட்ஸ்பா இருக்கிறது என்று பாட்டி சொன்னால் அது பாராட்டு இல்லை. வெட்கம் கெட்டது என்று பொருள். 'துணிச்சல்' என்று தமிழில் குறித்து வைத்தால் இது தவறிப்போகும். 'நெஞ்சழுத்தம்' என்று குறித்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் பொருந்தும். "செய்வதையும் செய்துவிட்டு, எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் என்னிடமே வந்து கேட்பாய்?" என்று நாம் சொல்லும் அந்தத் தொனிதான் இதன் பழைய உயிர்.

இதை விளக்க ஒரு பழைய நகைச்சுவை உண்டு. தாயையும் தகப்பனையும் கொன்ற ஒருவன், "நான் அனாதை, இரக்கம் காட்டுங்கள்" என்று நீதிமன்றத்தில் மன்றாடுகிறான். பலரும் இதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நான் இதை ஒரு சூத்திரமாகவே படித்தேன். குற்றம் செய்தவன் அவன்தான். அந்தக் குற்றத்தால் உண்டான நிலையையே காட்டிச் சலுகை கேட்பவனும் அவன்தான். அதையும் யார் முன்னால் நின்று கூச வேண்டுமோ அவர் முன்னாலேயே நின்று கேட்கிறான். இது மூன்றும் சேர்ந்தால் பழைய பொருளில் முழு ஹுட்ஸ்பா.

அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளில் இந்தப் பழைய பொருள் நன்றாகத் தெரியும். 1998-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கலைகளுக்கான தேசிய நிதி அமைப்புக்கும் கேரன் ஃபின்லி என்ற கலைஞருக்கும் இடையிலான வழக்கு வந்தது. நிதி கொடுக்கும்போது சில வகைக் கருத்துகளுக்கு அரசு முன்னுரிமை தரலாமா என்பது அதில் ஒரு கேள்வி. நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, தரலாம் என்று தனியாக எழுதினார். அப்படித் தரக்கூடாது என்று அந்த நிதி அமைப்பே வாதிடுவதற்கு மிக உயர்ந்த அளவு ஹுட்ஸ்பா வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டார். அந்த அமைப்பு இருப்பதே அறிவியலையோ அரசியலையோ விட்டுவிட்டுக் கலைக்கு மட்டும் பணம் கொடுக்கத்தான். அப்படிப் பாகுபாடு காட்டச் சட்டமே அதற்கு ஆணையிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். தான் செய்வதைத் தானே கூடாது என்று நீதிமன்றத்தில் நின்று சொல்வது. அனாதைக் கதையின் எலும்புக்கூடு இங்கே அப்படியே இருக்கிறது.

ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் வளர்ந்துவிட்டது. தன் தகுதிக்கு மேல் கை நீட்டி, கேட்கக் கூடாததைக் கேட்டு, வாங்கியும் விட்டவனை வியந்து சொல்வது அது. தொழில்முனைவோரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் இந்தப் பாராட்டுப் பொருளைத்தான் பார்க்கலாம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தப் பாராட்டிலும் ஒரு வரம்பு மீறல் உள்ளே இருக்கிறது. எரியும் வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கி வரும் தீயணைப்பு வீரரை ஹுட்ஸ்பா உள்ளவர் என்று யாரும் சொல்வதில்லை. அது வீரம். அழைப்பே இல்லாமல் ஒரு பெரிய நிறுவனத் தலைவரின் மேசைக்கு நேராகப் போய், "உங்கள் விளம்பரம் சரியில்லை, என்னை வேலைக்கு எடுங்கள்" என்று சொல்லும் இளம்பெண்ணிடம் இருப்பதுதான் ஹுட்ஸ்பா. ஆபத்தை எதிர்கொள்வது ஒன்று, மரியாதைக் கோட்டைத் தாண்டுவது வேறு. இந்தச் சொல் எப்போதும் இரண்டாவதன் பக்கம்தான் நிற்கும்.

தேர்வில் இது எப்படி உதவும் என்று ஒரு கேள்வியைச் செய்து பார்க்கலாம். ஜிஆர்இ-யில் ஒரு கேள்வி வகை உண்டு. ஒரு வாக்கியம், ஒரு கோடிட்ட இடம், ஆறு சொற்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று சரி, ஒன்று தவறு என்றால் மதிப்பெண்ணே இல்லை. பயிற்சிக்காக நானே அமைத்த வாக்கியம் இது: "நிறுவனத்தை நட்டத்தில் தள்ளிய இயக்குநர், அதே ஆண்டு தனக்குக் கூடுதல் போனஸ் கேட்ட ______ பங்குதாரர்களைக் கொதிக்க வைத்தது." தரப்பட்ட சொற்கள் ஹுட்ஸ்பா, எஃப்ரன்டரி, கரேஜ், வேலர், ரிமோர்ஸ், ஃப்ரூகாலிட்டி.

கடைசி இரண்டும் குற்ற உணர்வு, சிக்கனம் என்பதால் உடனே விலகிவிடும். மிச்சம் நான்கு, அதில் இரண்டு ஜோடி. கரேஜும் வேலரும் வீரம், தைரியம் என்ற பொருளில் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடி என்பதுதான் இங்கே வைத்திருக்கும் பொறி. ஹுட்ஸ்பா என்றால் தைரியம் என்று மட்டும் படித்தவர் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு திண்டாடுவார். வாக்கியத்தைப் பார்த்தால் திண்டாட்டம் இல்லை. நட்டத்துக்குக் காரணமானவரே பரிசு கேட்கிறார், அதுவும் பணத்தை இழந்தவர்களிடமே கேட்கிறார், கேட்டவர்கள் கொதிக்கிறார்கள். மூன்றும் இருக்கிறது. விடை ஹுட்ஸ்பாவும், வெட்கமற்ற துடுக்கு என்ற பொருள் தரும் எஃப்ரன்டரியும்.

அதே வாக்கியத்தில் இயக்குநரை எடுத்துவிட்டு அந்த இளம்பெண்ணை வையுங்கள், 'கொதிக்க வைத்தது' என்பதை 'கவர்ந்தது' என்று மாற்றுங்கள். இப்போது எஃப்ரன்டரி ஒட்டாது, அது திட்டும் சொல்லாகவே நின்றுவிட்டது. இங்கே ஹுட்ஸ்பாவுக்கு ஜோடி, துணிகரம் என்ற பொருள் தரும் ஒடாசிட்டி. ஆகவே இந்தச் சொல்லைக் கண்டால் அதைப் பார்ப்பதற்கு முன் வாக்கியத்தில் எதிர்வினை காட்டும் வினையைத் தேடுங்கள். கொதித்தார்களா, முகம் சுளித்தார்களா, வியந்தார்களா? எந்த ஹுட்ஸ்பா என்பதை அந்த வினை சொல்லிவிடும்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், நேர்காணலில் தேவைப்படும். எழுத்து சி-எச் என்று தொடங்கினாலும் 'ச' ஒலி கிடையாது. மூலத்தில் தொண்டையை உரசி வரும் 'ஹ்'. ஆங்கிலம் பேசுவோர் பலர் சாதாரண 'ஹ' என்றே சொல்கிறார்கள், அது போதும். 2011-ல் அமெரிக்க அரசியல்வாதி மிஷேல் பாக்மன் தொலைக்காட்சியில் இதைச் 'சூட்ஸ்பா' என்று சொன்னது செய்தியாகவே ஆனது.

ஷ்லெப் வேறு மாதிரி. யித்திஷில் இழு, இழுத்துச் செல் என்பதுதான் அடிப்படைப் பொருள். ஆங்கிலத்தில் இது வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இரண்டிலும் சலிப்பு உள்ளடங்கியே வரும். மூட்டையைத் தூக்கிப்போனான் என்பது தகவல். மூட்டையை ஷ்லெப் செய்தான் என்றால் கனம், எரிச்சல், 'இதெல்லாம் தேவையா' என்ற முனகல் எல்லாம் சேர்ந்துவிடும். பெயர்ச்சொல்லாக வரும்போது நம் 'அலைச்சல்' அச்சாகப் பொருந்துகிறது. நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியிலிருந்து பிராங்க்ஸ் பகுதிக்குப் போவது ஒரு ஷ்லெப் என்றால் அங்கே கிலோமீட்டர் முக்கியமில்லை. ரயில் மாற வேண்டும், படி ஏற வேண்டும், காத்து நிற்க வேண்டும். அந்த அலைச்சலைத்தான் சொல்கிறார்கள். டிரெக் என்ற சொல்லை இதற்கு இணையாகப் படிக்காதீர்கள். அதில் கடினமான பயணத்தை முடித்த பெருமை இருக்கலாம், ஷ்லெப்பில் பெருமை கிடையாது.

மனிதர்களையும் ஷ்லெப் செய்யலாம். விருப்பமில்லாத பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு இதே சொல்தான். எதிர்த்து இழுபடும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும், கனமாகவோ, மனமில்லாமலோ. அதனால் வினையாக வரும்போது கஷ்டப்பட்டு இழுப்பதைச் சொல்லும் லக், ஹால், டிராக் ஆகியவற்றோடு சேர்த்துப் படியுங்கள். வெறுமனே சுமப்பதைச் சொல்லும் கேரியோடு சேர்க்க வேண்டாம்.

ஜெர்மனும் சேர்த்துப் படிப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் ஷ்லெப்பர் என்றால் அழுக்கும் கசங்கலுமாகத் திரியும் ஆள். இன்றைய ஜெர்மனில் அதே ஒலியுள்ள சொல் இழுவைப் படகையும், எல்லை தாண்டி ஆட்களைக் கடத்துபவரையும் குறிக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. பிள்ளைகளின் வெற்றியில் பெற்றோர் அடையும் பூரிப்பை யித்திஷில் 'ஷெப் நாஹஸ்' என்பார்கள். ஷெப் என்றால் மொண்டெடுப்பது. மகிழ்ச்சியை மொண்டு கொள்வது. இதைச் சிலர் ஷ்லெப் என்று மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள், அப்போது பூரிப்பு சுமையாகிவிடுகிறது.

எழுத்துத் தேர்வில் இவற்றைப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், ஹுட்ஸ்பாவை நீதிபதிகளே எழுதுகிறார்கள், கட்டுரையில் ஒருமுறை வந்தால் உறுத்தாது. ஷ்லெப் பேச்சுக்கும் நண்பருக்கு எழுதும் கடிதத்துக்கும் உரியது, தேர்வுக் கட்டுரையில் வேண்டாம். ஷ்மக் என்ற சொல்லை மட்டும் நீங்களாக எங்கும் பயன்படுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் முட்டாள், கேவலமானவன் என்ற அளவில் லேசாகச் சொல்கிறார்கள். யித்திஷில் அது ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். வீட்டில் யித்திஷ் கேட்டு வளர்ந்த ஒரு பெரியவர் முன்னால் சொன்னால், நீங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கடுமையாக அவர் காதில் விழும்.