எலிப்டிகல் மீட்டரும் ரெண்டு பரோட்டாவும்

போன வருஷம் ஜிம்ல சேர்ந்தப்ப என் வெயிட்டு 88 கிலோ, ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா மூச்சு முட்டும். கார்டியோ பக்கம் மூணு ஐட்டம் கெடந்துச்சு, எலிப்டிகல், சைக்கிள், அப்பறம் துடுப்பு போடற மாதிரி ஒரு ரோயிங் மெஷின். ஐயா என்ன பண்ணாரு, மூணுலயும் ஏறிப் பாத்துட்டு எதுல கலோரி நம்பர் ஜாஸ்தி காட்டுதோ அதான் நம்ம மெஷின்னு முடிவு பண்ணிட்டாரு. எலிப்டிகல் அரை மணி நேரத்துக்கு 420ங்குது, சைக்கிள் பாவம் 180லயே நிக்குது, அப்பறம் எதுக்கு யோசிக்கணும்?

420 எரிச்சாச்சுல்லன்னு வர்ற வழியில தெனமும் ரெண்டு பரோட்டா, சால்னா. ஒரு மாசம் கழிச்சு ஏறி நின்னா 89.

அப்பதான் பக்கத்து சைக்கிள்ல பேப்பர் படிச்சுகிட்டே மிதிக்கிற சார் வாயத் தொறந்தாரு. ஈபில இருந்து ரிட்டயர் ஆனவரு. "தம்பி, கைய எடுத்துட்டு ஓட்டுங்க பாப்போம்"னாரு. நான் அதுவரைக்கும் முன்னாடி இருக்கற அசையாத கம்பியில மொத்த ஒடம்பயும் சாச்சு வச்சுகிட்டு லெவல் 3ல ரீல்ஸ் பாத்துகிட்டு இருந்தேன். கைய எடுத்தேன், அதே லெவல், அதே ஸ்பீடு, ரெண்டு நிமிஷத்துல வாட்ச்சுல பல்ஸ் 108ல இருந்து 126க்குப் போயிருச்சு, ஆனா ஸ்க்ரீன்ல கலோரி அதே வேகத்துலதான் ஏறுது. "பாத்தீங்களா, நீங்க சாஞ்சது அதுக்குத் தெரியாது, வெயிட்டும் போடாம ஸ்டார்ட் அமுக்கிட்டீங்க, அது யாரோ ஒருத்தருக்குக் கணக்கு எழுதிகிட்டு இருக்கு"ன்னாரு. உள்ள இருக்கற கனமான சக்கரம் ஒரு தடவ சுத்த ஆரம்பிச்சா லெவல் கம்மியில அதுவே காலை இழுத்துட்டுப் போகுமாம்.

சைக்கிள் ஏன் கம்மியா காட்டுதுன்னு கேட்டேன், மனுஷன் குஷியாயிட்டாரு, வாட்ஸ் மேட்டர்ல. அரை மணி நேரம் 100 வாட் மிதிச்சா 180 கிலோஜூல் வேலை. நம்ம ஒடம்பு செலவழிக்கறதுல கால்வாசிதான் பெடலுக்குப் போகுது, மிச்சம் சூடு. அதனால நாலால பெருக்கணும், கலோரியா மாத்த நாலு சொச்சத்தால வகுக்கணும், ரெண்டும் அடிபட்டுரும், ஆக சுமாரா 180 கலோரி. "இந்த மூணுல பொய் கம்மியா சொல்ற மீட்டர் இதுதான், வாட்ஸ ஒழுங்கா அளக்கற சைக்கிளா இருந்தா"ன்னாரு.

ரோஷம் வந்து அடுத்த நாளு ரோயிங்ல ஒக்காந்தேன். சைடுல ஒரு லீவர், 1ல இருந்து 10 வரைக்கும், கியர்னு நெனச்சு 10ல வச்சேன். அது காத்து உள்ள போற வழி மட்டுந்தான், பாரம் நாம இழுக்கற வேகத்துல இருக்குன்னு அப்பறந்தான் தெரிஞ்சுச்சு, 10ல வச்சா கனமான படகுல ஒக்காந்த மாதிரி, புதுசா ஆரம்பிக்கறவனுக்கு முதுகு போயிரும். நான் கைய நீட்டறதுக்கு முன்னாடியே முட்டிய மடக்கறேன், திரும்பற ஒவ்வொரு தடவயும் ஹேண்டில் முட்டில இடிக்குது, அதத் தூக்கித் தாண்ட வச்சா நடுவுல தொப்பை குறுக்க வருது. நாலாவது நிமிஷம் டீ சர்ட்டு சீட்டு உருளைக்குள்ள மாட்டி, நான் முன்னாடி போக சட்ட பின்னாடி போக, டர்ர்ருன்னு ஒரு சத்தம். ஜிம்மே திரும்பிப் பாத்துச்சு.

ட்ரெய்னர் தம்பி வந்து லீவர 4ல வச்சு, "அண்ணே, மொதல்ல கால் தள்ளணும், அப்பறம் முதுகு, கடைசியா கை. திரும்பறப்ப கை, முதுகு, கால்"னு நிமிஷத்துக்கு 22 இழுப்புல பழக்குனான். காலு முதுகு கை எல்லாம் வேலை செய்யறதால நல்லா இழுத்தா ஒரு நிமிஷத்துக்கு எரியறது இதுல ஜாஸ்தியா இருக்கலாம். ஆனா என்னால 12 நிமிஷத்துக்கு மேல முடியல. சைக்கிள்ல 40 நிமிஷம் ஓடுது, மறுநாளும் ஓட முடியுது. இன்னொன்னு, கான்செப்ட்2ங்கற கம்பெனியோட ரோயிங் மெஷின் ஸ்க்ரீன் 79 கிலோ ஆளுன்னு வச்சுகிட்டு மணிக்கு 300 கலோரிய அடிப்படையாவே சேத்துக்கும், சும்மா பேருக்கு இழுத்தாலும் நிமிஷத்துக்கு 5 ஏறும். சார்கிட்ட சொன்னேன், "மினிமம் சார்ஜு"ன்னாரு.

இப்ப வாரத்துல நாலு நாள் சைக்கிள், ரெண்டு நாள் கொஞ்சூண்டு ரோயிங், முட்டி வலிச்சா கைய விட்டுட்டு எலிப்டிகல். பரோட்டா ஞாயித்துக்கிழம மட்டும். நாலு மாசத்துல 83. அதுல மெஷின் எவ்ளோ, பரோட்டா எவ்ளோன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியும்.

போன வாரம் புதுசா வந்த பையன் எலிப்டிகல்ல சாஞ்சுகிட்டே, "அண்ணே 500 தாண்டிட்டேன்"னான். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சார் பேப்பர மடிச்சு வச்சுட்டு சைக்கிள்ல இருந்து எறங்கிட்டாரு.